முதல் பேஸ்லிப்: ஒரே 1,500 ரேண்ட் மூணு இடத்துல நிக்குது

கப்பல்_ஆபீஸ் | 28 நவம்பர் 2025, இரவு 7.40

தென்னாப்பிரிக்காவுல டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்துல சரக்கு அனுப்புற கம்பெனி ஒண்ணுல நவம்பர் தொடக்கத்துல சேர்ந்தேன். முதல் வேலை. ஆஃபர் லெட்டர்ல மாசம் 21,500 ரேண்ட்னு இருந்துச்சு. இன்னைக்கு பேங்க்ல விழுந்தது 16,429.13. ஐயாயிரத்துக்கு மேல எங்க போச்சுன்னு புரியல. எச்.ஆர்-ல கேட்டேன், "சிஸ்டம் போடுற கணக்கு, சரியாத்தான் இருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஸ்லிப்ல இருக்கறத அப்படியே தட்டியிருக்கேன்:

```
EARNINGS
  Basic Salary             20,000.00
DEDUCTIONS
  PAYE                      1,893.75
  UIF                         177.12
  Provident Fund            1,500.00
COMPANY CONTRIBUTIONS
  Provident Fund            1,500.00
  UIF                         177.12
FRINGE BENEFITS
  Provident Fund            1,500.00
NET PAY                    16,429.13
```

அந்த 1,500 மூணு இடத்துல வருது. மொத்தம் 4,500 பிடிச்சிருக்காங்களா? அப்பா வீட்ல கேல்குலேட்டரோட உக்காந்திருக்கார், அவருக்கும் விளங்கல.

மிட்ராண்ட்வாசி | 28 நவம்பர், இரவு 8.15

சி.டி.சி விளையாட்டு. சென்னையில பத்து வருஷம் இதே கதைதான். லெட்டர்ல பெரிய நம்பர், கையில சின்ன நம்பர். கம்பெனி போடற 1,500-ஐயும் உன் சம்பளம்னு சேர்த்துக் காட்டியிருக்கான், அதான் 21,500. அப்புறம் அதையே உன்கிட்டயிருந்து திரும்பப் பிடிச்சிருக்கான். ரெண்டு பக்கமும் அவனுக்கு லாபம். எழுத்துல புகார் கொடு.

கணக்குப்புள்ள | 28 நவம்பர், இரவு 10.02

மிட்ராண்ட்வாசி முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு. யாரும் எதையும் ரெண்டு தடவை பிடிக்கல.

அப்பா கையில கேல்குலேட்டர் இருக்கும்போதே போட்டுப் பாருங்க. 20,000-ல பி.ஏ.ஒய்.இ-ங்கற வருமான வரி 1,893.75, யு.ஐ.எஃப்-ங்கற வேலையின்மைக் காப்பீடு 177.12, ஃபண்டு 1,500 மூணையும் கழிச்சா 16,429.13. பைசா சுத்தமா வந்துடுச்சு. அப்படின்னா கீழ இருக்கற ரெண்டு பெட்டியும் உங்க கைக்கு வர்ற தொகையைத் தொடவே இல்லை. எந்த பேஸ்லிப் வந்தாலும் முதல்ல இத செய்யுங்க: சம்பாத்தியம் பெட்டியில இருந்து கழிவு பெட்டியை மட்டும் கழிச்சு, நெட் பே வருதான்னு பாருங்க. வரலைன்னாதான் சண்டை.

இப்ப அந்த மூணு 1,500. கழிவுல இருக்கறது நீங்க போடறது, பேசிக்ல ஏழரை சதவீதம். கம்பெனி பங்குல இருக்கறது முதலாளி தன் கணக்குல இருந்து அதே ஃபண்டுக்கு அனுப்பறது. ஆக ஃபண்டுக்குப் போறது 3,000, அவ்வளவுதான். மூணாவதா ஃபிரிஞ்ச் பெனிஃபிட்னு நிக்கறது பணமே இல்லை, வரிக் கணக்குக்காக எழுதி வைக்கிற ஒரு குறிப்பு. ரெண்டாவது 1,500-ஓட நிழல்.

நிழல் எதுக்குன்னு நாளைக்கு எழுதறேன். மாசக் கடைசி, எங்க ஆபீஸ்லயும் சம்பள நாள். கண்ணு எரியுது.

ஃபீனிக்ஸ்_மாமா | 28 நவம்பர், இரவு 10.31

முதலாளி தன் கணக்குல இருந்து போடறான்னு சொல்றீங்களே, எனக்கு ஒரு ஹார்ட்வேர் கடை இருக்கு. நான் ஆளு வைக்கும்போது பார்க்கறது ஒரே நம்பர்தான்: இந்த ஆளுக்கு மாசம் எனக்கு எவ்வளவு ஆகும். அதுக்குள்ள எதை எந்தப் பெட்டியில போடறதுங்கறது கணக்கு எழுதறவர் பாடு. யாரும் தர்மத்துக்குப் போடறதில்ல கண்ணு.

கணக்குப்புள்ள | 29 நவம்பர், காலை 9.20

மாமா சொன்னதுல நியாயம் இருக்கு. லெட்டர்ல 21,500-னு எழுதினதே அந்தக் கணக்குலதான்: பேசிக் 20,000, ஃபண்டு பங்கு 1,500. இந்தக் கம்பெனி யு.ஐ.எஃப் பங்கை உள்ள சேர்க்கல. சேர்க்கற கம்பெனிகளும் உண்டு. அதனால அடுத்த தடவை ஆஃபர் வரும்போது "21,500-க்குள்ள எதெல்லாம் அடக்கம்"னு கேட்டு, பேசிக் எவ்வளவுன்னு தனியா எழுதி வாங்கிக்கணும்.

சரி, நிழல் கதை.

2016 மார்ச் 1-ல இருந்து இங்க சட்டம் இப்படி: முதலாளி உங்க ஃபண்டுல போடற பணம் முதல்ல உங்க வருமானமாக் கணக்காகும். உங்களுக்குக் கொடுத்து, நீங்க ஃபண்டுல போட்ட மாதிரி. அதனால வரிக்கான வருமானம் 20,000 இல்ல, 21,500. இங்கதான் எல்லாரும் பயப்படறாங்க, கைக்கே வராத பணத்துக்கு வரியான்னு. ஆனா அடுத்த படியிலயே மொத்த 3,000-ஐயும், உங்க பங்கு, அவங்க பங்கு ரெண்டையும் சேர்த்து, வரியில இருந்து விலக்கிடறாங்க. 21,500-ல 3,000 போனா 18,500. வரி இதுக்கு மட்டும்தான்.

விலக்குக்கு எல்லை உண்டு. வருமானத்துல 27.5 சதவீதம், இந்த வரி வருஷத்துக்கு மிஞ்சிப்போனா 350,000 ரேண்ட். உங்க 3,000 அந்த எல்லைப் பக்கமே போகல. பெரிய சம்பளக்காரங்களுக்குத்தான் நிழல் நிஜமாவே சுடும்.

இப்ப 1,893.75 எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். 18,500-ஐ பன்னிரண்டால பெருக்கினா 222,000. இந்த வரி வருஷத்துல, அதாவது 2025 மார்ச்சுல இருந்து 2026 பிப்ரவரி வரைக்கும், 237,100 வரை ஒரே விகிதம், 18 சதவீதம். அது 39,960. அதுல எல்லாருக்கும் கிடைக்கிற தள்ளுபடி 17,235 கழிச்சா 22,725. பன்னிரண்டால வகுத்துப் பாருங்க.

கப்பல்_ஆபீஸ் | 29 நவம்பர், காலை 11.05

1,893.75!! அப்பா ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டார். "அப்ப சரி"ன்னு எழுந்து போயிட்டார். அம்மா மட்டும் இன்னும் 21,500-லயே நிக்கறாங்க, சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் அந்த நம்பரைச் சொல்லிட்டாங்களாம்.

நான் தட்டும்போது ஒரு வரி விட்டுட்டேன். கம்பெனி பங்குல எஸ்.டி.எல்-னு ஒரு சின்னத் தொகை இருக்கு. அது என் பணமா?

கணக்குப்புள்ள | 29 நவம்பர், மதியம் 1.10

இல்ல. தொழில் பயிற்சிக்குன்னு முதலாளி கட்டற ஒரு சதவீதத் தீர்வை அது. உங்க பேர்ல எங்கயும் சேராது, ஸ்லிப்ல சும்மா தெரிவிக்கறாங்க. அது கழிவுப் பெட்டியில வந்தா மட்டும் கேளுங்க.

ஃபீனிக்ஸ்_மாமா | 29 நவம்பர், மாலை 4.45

எனக்கு அது கிடையாது. வருஷச் சம்பளச் செலவு அஞ்சு லட்சத்தைத் தாண்டினாத்தான் கட்டணும். வேலையில அடிபட்டா நஷ்டஈடு கொடுக்கற நிதிக்கு மட்டும் வருஷா வருஷம் கட்டறேன். அதுவும் முழுக்க என் பணம், ஆளுங்க சம்பளத்துல கை வைக்கக்கூடாது.

வந்ததுதான் வந்தோம், ஒண்ணு கேக்கறேன். கல்லாப்பெட்டியில மாசக் கடைசியில 900 குறைஞ்சுது. அந்தப் பையன் சம்பளத்துல பிடிச்சுக்கலாம் இல்லியா? ஸ்லிப்ல "கல்லாக் குறைவு"ன்னு எழுதிட்டாச் சரியாப்போச்சா?

மிட்ராண்ட்வாசி | 29 நவம்பர், மாலை 5.30

ஸ்லிப்ல காரணம் எழுதிட்டா எதையும் பிடிக்கலாம். சட்டம் கேக்கறது காரணம்தான்.

கணக்குப்புள்ள | 29 நவம்பர், இரவு 9.15

காரணம் எழுதணும்னு சொல்றது அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தோட 33-வது பிரிவு. பிடிக்கலாமா வேண்டாமான்னு சொல்றது 34. ரெண்டும் வேற வேற.

34 படி, சட்டம் சொல்ற வரி, யு.ஐ.எஃப் மாதிரியானது, கோர்ட் உத்தரவு, சங்க ஒப்பந்தம் இதெல்லாம் தவிர, எதைப் பிடிக்கணும்னாலும் குறிப்பிட்ட கடனுக்குன்னு தொழிலாளி எழுத்துல சம்மதிச்சிருக்கணும். நஷ்டத்துக்குப் பிடிக்கறதுன்னா இன்னும் கெடுபிடி. நஷ்டம் வேலை நேரத்துல, அவர் தப்பால நடந்திருக்கணும். நியாயமா விசாரிச்சு, ஏன் பிடிக்கக்கூடாதுன்னு அவர் சொல்ல இடம் கொடுத்திருக்கணும். நடந்த நஷ்டத்துக்கு மேல போகக்கூடாது. மொத்தமாப் பிடிக்கறது சம்பளத்துல நாலுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

மாமா, அந்தக் கல்லாவுல கை வைக்கறது அவர் ஒருத்தர் மட்டும்தானா?

ஃபீனிக்ஸ்_மாமா | 29 நவம்பர், இரவு 9.40

என் மச்சினனும் உக்காருவான்.

கணக்குப்புள்ள | 29 நவம்பர், இரவு 9.42

அப்ப விடுங்க.

நைட்_ஷிஃப்ட் | 30 நவம்பர், அதிகாலை 3.20

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். என் பேஸ்லிப்பில் யு.ஐ.எஃப் என்ற வரியே கிடையாது. தங்கச்சி, உன்னிடம் அநியாயமாகப் பிடிக்கிறார்களோ என்று தோன்றுகிறது. ஓய்வூதிய நிதிக்கு எனக்கும் ஏழரை சதவீதம்தான், ஆனால் அரசாங்கம் 13 போடுகிறது. உன் கம்பெனி ஏன் ஏழரையோடு நிறுத்திவிட்டது? கேட்டுப் பார்.

கணக்குப்புள்ள | 30 நவம்பர், காலை 8.05

அக்கா, மத்திய, மாகாண அரசு ஊழியர்களை யு.ஐ.எஃப் சட்டத்துல சேர்க்கல. உங்களுக்கு இல்லாததும் சரி, இந்தப் பொண்ணுக்கு இருக்கறதும் சரி. அரசு ஃபண்டோட 13-ஐ தனியார் கம்பெனியோட ஒப்பிட்டுப் பிரயோஜனமில்ல. தனியார்ல எவ்வளவு போடணும்னு சட்டம் சொல்றதில்ல, ஃபண்டே வைக்காத கம்பெனிகள் ஏராளம்.

யு.ஐ.எஃப் கணக்கையும் சொல்லிடறேன், 177.12 ஒரு மாதிரியான நம்பரா இருக்கேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஒரு சதவீதம்தான், ஆனா மாசம் 17,712 வரைக்கும்தான் கணக்கு. 2021 ஜூன்ல இருந்து அந்த உச்சவரம்பு. சம்பளம் 20,000 ஆனாலும் 80,000 ஆனாலும் 177.12 தான். முதலாளியும் அதே அளவு.

மிட்ராண்ட்வாசி | 30 நவம்பர், காலை 10.50

இங்க என் கேள்வி. நான் காண்ட்ராக்ட்ல வந்தவன், ரெண்டு வருஷத்துல சென்னை திரும்பிடுவேன். எனக்கும் யு.ஐ.எஃப் பிடிக்கறான். கிளம்பும்போது ரெண்டு பங்கையும் சேர்த்து, பி.எஃப் மாதிரி எடுத்துக்கலாம் இல்லியா? வட்டி எவ்வளவு?

கணக்குப்புள்ள | 30 நவம்பர், மதியம் 12.30

வட்டியும் இல்ல, உங்க பேர்ல முதலும் இல்ல. அது இன்ஷூரன்ஸ் பிரீமியம், சேமிப்பு இல்ல. உங்க பேர்ல சேர்றது ரேண்ட் இல்ல, நாள். நாலு நாள் வேலை பார்த்தா ஒரு நாள் வரவு, நாலு வருஷ வட்டத்துல 365 நாள் வரைக்கும். வேலையில இருந்து நிறுத்தினாலோ, காண்ட்ராக்ட் முடிஞ்சாலோ, பிரசவ லீவு எடுத்தாலோ அந்த நாளுக்குக் காசு. நீங்களா ராஜினாமா பண்ணா வேலையின்மைப் பணம் கிடையாது.

காண்ட்ராக்ட்ல வந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு முன்னாடி விலக்கு இருந்துச்சு. 2018 மார்ச்சுல எடுத்துட்டாங்க. அதான் பிடிக்கறாங்க.

மிட்ராண்ட்வாசி | 30 நவம்பர், மதியம் 12.34

அநியாயம்.

கணக்குப்புள்ள | 30 நவம்பர், மாலை 6.00

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சேன். கப்பல்_ஆபீஸ், ஒண்ணு கேக்க விட்டுட்டேன். போன மார்ச்சுக்கு அப்புறம் இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது சம்பளம் வாங்கினீங்களா? கடையில பார்ட் டைம், எதுவா இருந்தாலும்?

கப்பல்_ஆபீஸ் | 30 நவம்பர், மாலை 6.25

இல்லண்ணா. அக்டோபர் வரைக்கும் படிப்பு. பர்சரி மட்டும், அதுவும் நேரா காலேஜுக்குப் போயிடும்.

கணக்குப்புள்ள | 30 நவம்பர், இரவு 8.40

அப்ப உங்களுக்குப் பணம் திரும்ப வரணும்.

மேல நான் போட்ட கணக்குல ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. 18,500-ஐ பன்னிரண்டால பெருக்கினோமே, அது நீங்க வருஷம் முழுக்க வேலை பார்க்கறதா வச்சுப் போட்டது. பேரோல் சாஃப்ட்வேர் எல்லாமே இப்படித்தான் செய்யும். ஆனா வரி வருஷம் பிப்ரவரியில முடியுது. நீங்க பார்க்கப்போறது நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, நாலே மாசம். நாலு 18,500 சேர்ந்தா 74,000. அதுக்கு 18 சதவீதம் 13,320. தள்ளுபடி 17,235 அதைவிடப் பெரிசு. ஆக இந்த வருஷம் நீங்க கட்டவேண்டிய வரி சைபர். பிடிச்சிருக்கப்போறது நாலு தடவை 1,893.75, மொத்தம் 7,575. வேற வருமானம் எதுவும் இல்லைன்னா அது முழுக்க உங்களோடது.

மிட்ராண்ட்வாசி | 30 நவம்பர், இரவு 8.58

பார்த்தியா! இந்த வரி வருஷம் 95,750-க்குக் கீழ இருந்தா வரியே கிடையாது. அப்ப பிடிக்கறதே சட்டவிரோதம். நாளைக்கே போய் நிறுத்தச் சொல்லு.

கணக்குப்புள்ள | 30 நவம்பர், இரவு 9.30

95,750 சரி. சட்டவிரோதம் இல்ல.

சம்பளப் பிரிவுக்கு உங்க வருஷம் தெரியாது. மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும் வேற இடத்துல 40,000 வாங்கிட்டு வந்திருக்கலாம், இல்ல வாடகை வருமானம் இருக்கலாம். அதனால மாசத்தை வருஷமாக்கிப் பிடிக்கச் சொல்லித்தான் அவங்களுக்கு உத்தரவு. பிடிச்சதை அடுத்த மாசம் 7-ந் தேதிக்குள்ள வரித்துறையான சார்ஸுக்குக் கட்டியும் ஆகணும். எச்.ஆர் மேல கோபப்பட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல.

பணம் வர்ற வழி வேற. பிப்ரவரி முடிஞ்சப்புறம் கம்பெனி உங்களுக்கு ஐ.ஆர்.பி.5 கொடுக்கும். வருஷத்தோட மொத்தக் கணக்கு அதுல இருக்கும். அதுல ரெண்டு கோட் நம்பரைப் பாருங்க. 4102-க்கு நேரா 7,575 இருக்கணும், அதுதான் பிடிச்ச வரி. 4141-ல யு.ஐ.எஃப், 1,416.96-னு இருக்கும். நாலு மாசத்துக்கு 708.48 தானே பிடிச்சாங்க, ஏன் டபுளா இருக்குன்னு பதறாதீங்க. அந்தக் கோட் நம்பர்ல உங்க பங்கு, முதலாளி பங்கு ரெண்டும் சேர்ந்தே வரும்.

வரி நம்பர் வாங்கி ஈ-ஃபைலிங்ல பதிஞ்சு வச்சுக்குங்க. பேங்க் விவரம் உங்க பேர்லயே இருக்கட்டும், அப்பா கணக்கைக் கொடுக்காதீங்க. ரிட்டர்ன் சீசன்ல சார்ஸ் தானாவே மதிப்பிட்டு அனுப்பினா, நம்பர் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு விட்டுடலாம். ஒண்ணும் வரலைன்னா நீங்களே தாக்கல் பண்ணணும். "நமக்குத்தான் வரி இல்லையே"ன்னு சும்மா இருக்கறவங்க பணம்தான் அங்கயே கிடக்கும். எங்க ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்கள்ல முக்கால்வாசி பேர் இப்படித்தான்.

கப்பல்_ஆபீஸ் | 30 நவம்பர், இரவு 9.41

7,575!! அம்மா இப்ப இந்த நம்பரையும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லப்போறாங்க. அடுத்த வருஷமும் இப்படி வருமாண்ணா?

கணக்குப்புள்ள | 30 நவம்பர், இரவு 9.50

வராது. மார்ச்சுல இருந்து பன்னிரண்டு மாசமும் சம்பளம் வாங்குவீங்க, அனுமானமும் நிஜமும் ஒண்ணாயிடும். இது பாதி வருஷத்துல சேர்ந்தவங்களுக்கு மட்டும் கிடைக்கிறது.

நைட்_ஷிஃப்ட் | 2 டிசம்பர், காலை 7.15

நான் அந்தக் காலத்தில் ஜூலையில் சேர்ந்தேன். யாரும் இதைச் சொல்லவில்லை. பழைய வருஷத்துக்கு இப்போது கேட்டால் தருவார்களா?

(இதுக்கு யாரும் பதில் போடலையேன்னு அக்கா மறுபடி கேட்டாங்க, 4 டிசம்பர்.)

கணக்குப்புள்ள | 4 டிசம்பர், இரவு 10.10

மன்னிக்கணும் அக்கா, பார்க்கல. எந்த வருஷம், அப்ப ரிட்டர்ன் போட்டீங்களா, சம்பளம் எவ்வளவுன்னு தெரியாம ஒண்ணும் சொல்லக்கூடாது. பழைய ஐ.ஆர்.பி.5 இருந்தா எடுத்துட்டு சார்ஸ் கிளைக்கு அப்பாயிண்ட்மென்ட் போட்டுப் போங்க.

ஸ்லிப்ல இன்னும் முழுசாப் பேசாதது ஃபண்டுதான். இதுல பணம் காணாமப் போற வாய்ப்பு இருக்கறதால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பிடிச்ச பணமும் முதலாளி பங்கும் மாசம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள ஃபண்டுக்குப் போய்ச் சேரணும். பென்ஷன் நிதிச் சட்டத்தோட 13ஏ பிரிவு அது. ஸ்லிப்ல 1,500 பிடிச்சதா அச்சாகியிருக்கறதுக்கும், ஃபண்டுல போய் விழுந்ததுக்கும் சம்பந்தமே இல்லாத கம்பெனிகள் உண்டு. நிதித்துறை ஒழுங்காற்று ஆணையம் கட்டாத முதலாளிகள் பேரைப் பட்டியலாவே வெளியிடறாங்க, நீளமான பட்டியல். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல பல மாசம் இப்படி நடந்துச்சு. ஒருத்தர் இறந்து, வீட்டுக்காரம்மா இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனப்பத்தான் வெளிய வந்துச்சு. கட்டாததால காப்பீடே நின்னு போயிருந்துச்சு.

அதனால ஸ்லிப்பை நம்பி உக்காராதீங்க. எச்.ஆர்கிட்ட ஃபண்டு பேரும் உங்க உறுப்பினர் நம்பரும் வாங்கி, ஃபண்டுகிட்டயே நேராக் கேளுங்க: நவம்பர் பணம் வந்துச்சா, எவ்வளவு வந்துச்சு. அப்படியே உங்களுக்கு ஏதாவது ஆனா பணம் யாருக்குப் போகணும்கற படிவத்தையும் நிரப்பிடுங்க. பேஸ்லிப்புல வராத காகிதம் அது, முதல் மாசத்துல எல்லாரும் மறந்துடறாங்க.

கப்பல்_ஆபீஸ் | 14 ஜனவரி 2026, மாலை 5.55

லீவெல்லாம் முடிஞ்சு ஃபண்டுக்கு போன் பண்ணேன். நவம்பர், டிசம்பர் ரெண்டும் வந்திருக்கு. ஆனா மாசம் 3,000 போகல, 2,658 தான் முதலீட்டுல காட்டுது. 342 குறையுது! கம்பெனி அமுக்கிடுச்சா?

ஃபீனிக்ஸ்_மாமா | 14 ஜனவரி, மாலை 6.20

ஆரம்பிச்சுட்டீங்களா. முதலாளின்னாலே திருடன்.

கணக்குப்புள்ள | 14 ஜனவரி, இரவு 8.00

இந்தத் தடவை மாமா பக்கம். ஃபண்டுக்கு 3,000 வந்திருக்கான்னு முதல்ல பாருங்க. வந்திருந்தா 342 அங்கதான் போயிருக்கு: ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, நிர்வாகச் செலவு. பெரும்பாலும் முதலாளி பங்குல இருந்து எடுப்பாங்க. சில கம்பெனி இதை 3,000-க்கு மேல தனியாக் கட்டும், சிலது உள்ளயே எடுக்கும். ஃபண்டு விதியில இருக்கும். உங்க கம்பெனி உள்ள எடுக்கற வகை. ஸ்லிப்ல இது எந்த வரியிலயும் தெரியாது, அதுதான் எனக்கும் பிடிக்காத விஷயம்.

கப்பல்_ஆபீஸ் | 15 ஜனவரி, காலை 7.30

3,000 வந்திருக்கு. ஸ்டேட்மென்ட்ல சேமிப்புன்னு ஒரு பானை, மாசம் 886. ஓய்வுக்காலம்னு இன்னொண்ணு, 1,772. இது என்ன பிரிவினை?

மிட்ராண்ட்வாசி | 15 ஜனவரி, காலை 8.10

இது எனக்குத் தெரியும்! 2024 செப்டம்பர்ல வந்தது. மூணுல ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கு, மிச்சம் ஓய்வுக்காலத்துக்கு. சேமிப்புல 2,000 சேர்ந்தா வரி வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். இன்னொண்ணை வேலையை விட்டாலும் தொட முடியாது. என் ஆபீஸ்ல பாதி பேர் எடுத்துட்டாங்க.

அதைவிட ஒரு ஐடியா. எடுக்கற பணத்துக்கு அந்த வருஷ வருமானத்தோட சேர்த்து வரி. இந்தப் பொண்ணுக்கு இந்த வருஷம் வரியே சைபர்! ஜனவரி பணம் வந்ததும் சேமிப்புல 2,658 இருக்கும். பிப்ரவரி முடியறதுக்குள்ள எடுத்தா 74,000-த்தோட 2,658, இன்னும் 95,750-க்கு ரொம்பக் கீழ. வரியில்லாம எடுக்கலாம். மார்ச்சுக்கு அப்புறம் எடுத்தா 18 சதவீதம் போயிடும்.

கணக்குப்புள்ள | 15 ஜனவரி, இரவு 9.25

கணக்கு சரியா இருக்கு, ஒப்புக்கறேன். ஆனா எடுக்கும்போது ஃபண்டு சார்ஸ்கிட்ட விகிதம் கேட்டுப் பிடிச்சுட்டுத்தான் கொடுக்கும். அதைத் திரும்ப வாங்க மறுபடி ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்கணும். ஃபண்டு தனியா ஒரு கட்டணமும் எடுக்கும். 2,658-க்கு அது கணிசம். இருபத்திரண்டு வயசுல போட்ட பணம் முப்பது வருஷத்துக்கு மேல வளரும், அதைப் போய்...

மிட்ராண்ட்வாசி | 15 ஜனவரி, இரவு 9.33

முப்பது வருஷம் கழிச்சு வர்ற பணத்துக்கு இப்ப யார் டாக்ஸிக்குக் காசு கொடுப்பா? அவ பணம், அவ எடுக்கட்டும்.

நைட்_ஷிஃப்ட் | 16 ஜனவரி, அதிகாலை 2.50

எடுக்காதே தங்கச்சி.

ஃபீனிக்ஸ்_மாமா | 16 ஜனவரி, காலை 6.40

எடு. நல்ல ஷூ வாங்கு. துறைமுகத்துல நாளெல்லாம் நின்னா கால் போயிடும்.

கப்பல்_ஆபீஸ் | 16 ஜனவரி, மாலை 6.10

நான் நிக்கற வேலை இல்ல மாமா, பில் ஆஃப் லேடிங் தட்டற வேலை. கட்டணம் எவ்வளவுன்னு ஃபண்டுகிட்ட கேட்டு மெயில் போட்டிருக்கேன். பதில் வந்ததும் சொல்றேன். ஜனவரி ஸ்லிப்ல ஓவர்டைம்னு ஒரு வரி வரும்போல, அதையும் போடறேன், ஒன்றரை மடங்கு கணக்கு யாராவது பார்த்துச் சொல்லுங்க.